ஒடியும் ஃபிலமெண்ட்: சப்ளையருக்கு ஒரு கடிதம்

3டி பிரிண்டர் இப்போது வீடுகளுக்கும் வரத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் வரைந்ததைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் தரும் இந்தச் சாதனத்திற்கு மை கிடையாது. ரோலாகச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கம்பிதான் அதற்கு மை. இதனை ஃபிலமெண்ட் என்பார்கள். சாதாரண பிரிண்டருக்கு மட்டமான மையை வாங்கி ஊற்றிவிட்டுப் பிரிண்டரைத் திட்டுபவர்கள் உண்டல்லவா? இங்கும் அதே கதைதான்.

கோவையில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பம்ப் கம்பெனி ஒன்றுக்கு 400 ஒயர் கிளிப்புகள் அச்சிட்டுத் தர ஒப்புக்கொண்டிருந்தார். இதற்காக ஒரே சப்ளையரிடம் பி.எல்.ஏ. வகை ஃபிலமெண்ட் 10 ரோல்கள் வாங்கினார். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. இரண்டாவது ரோல் பாதியைத் தாண்டுவதற்குள் தொல்லை தொடங்கிவிட்டது. இரவில் வேலை கொடுத்துவிட்டுப் போனால், காலையில் கம்பி குழாய்க்குள்ளேயே ஒடிந்து கிடக்கும். பிரிண்டர் அது தெரியாமல் வெறுங்காற்றில் அச்சிட்டுக்கொண்டிருக்கும். ஒடியாமல் வந்த கிளிப்புகளிலோ சில மெலிந்து இடைவெளி விட்டிருந்தன. சில திட்டுத் திட்டாக வீங்கியிருந்தன.

கோபத்தில், "உங்கள் சரக்கு மோசம், பணத்தைத் திருப்பித் தரவும்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பினார். "மழைக்காலம், ரோலைத் திறந்து வைத்திருப்பீர்கள், ஈரம் ஏறியிருக்கும்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. சப்ளையர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. எந்தப் பாதி என்று பார்ப்போம்.

பி.எல்.ஏ. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். அப்படி உறிஞ்சிய கம்பி மொறுமொறுப்பாகிவிடும். அதிலும் ரோலில் வளைந்தே பழகிய கம்பியை இரவு முழுவதும் குழாய்க்குள் நேராக நிறுத்தி வைத்தால், அந்த இழுவையில் விரிசல் விழுந்து தானாகவே ஒடியும். எனவே ஒடிவது சப்ளையரின் தவறாகவும் இருக்கலாம், நம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் கம்பியின் விட்டம் அப்படியல்ல. ஃபாக்டரியில் உருகிய பிளாஸ்டிக்கை இழுக்கும் உருளைகள் வேகம் கூடினால் கம்பி மெலியும், குறைந்தால் தடிக்கும். நம் அலமாரியில் எத்தனை மழைக்காலம் கிடந்தாலும் கம்பி ஒரு மீட்டரில் மெலிந்து அடுத்த மீட்டரில் தடிக்காது. இரண்டு புகாரையும் ஒன்றாகக் கட்டி அனுப்பியதால்தான் சப்ளையரால் ஈரத்தைக் காட்டி இரண்டையும் ஒரே வரியில் தள்ளிவிட முடிந்தது.

நண்பர் மறுபடி உட்கார்ந்தார். இம்முறை டிஜிட்டல் காலிப்பரை எடுத்துக்கொண்டார். மீட்டருக்கு ஓர் இடமாக 20 இடங்களில் அளந்தார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறை அளந்து, காலிப்பரைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் அளந்தார். இரண்டு அளவும் மாறினால் கம்பி உருண்டையாக இல்லை, நசுங்கியிருக்கிறது என்று பொருள். (அளக்கும்போது கம்பியைத் தளர விட்டுவிடாதீர்கள். முனை மற்ற சுற்றுகளுக்கு அடியில் நுழைந்து பிறகு முடிச்சு விழும். காலி ரோல் ஒன்றில் சுற்றிக்கொண்டே அளக்கலாம்.)

விலை குறைந்த காலிப்பரே 0.02 அல்லது 0.03 மி.மீ. தவறாகக் காட்டக்கூடும். ஆகவே 1.72 என்று வந்ததற்கெல்லாம் சண்டைக்குப் போக முடியாது. இதற்காக, முன்பு நன்றாக ஓடிய பழைய ரோல் ஒன்றையும் அதே காலிப்பரால் அளந்துகொண்டார். பிறகு எழுதிய கடிதம் இது:

"ஐயா, வணக்கம். ஜூன் 10ஆம் தேதி பில்லில் தங்களிடம் வாங்கிய வெள்ளை பி.எல்.ஏ. ரோல்கள் பத்தும் ஒரே பேட்ச் எண் கொண்டவை. லேபிளின் படம் இணைத்துள்ளேன். லேபிளில் விட்டம் 1.75 மி.மீ., கூடுதல் குறைவு 0.05 எனப் போட்டிருக்கிறது. அதாவது 1.70க்கும் 1.80க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ரோலில் 20 இடங்களில் அளந்ததில் 7 இடங்கள் இந்த எல்லைக்கு வெளியே உள்ளன. மிகக் குறைந்தது 1.66, மிக அதிகம் 1.84. அதே காலிப்பரில் என் பழைய ரோல் 1.73 முதல் 1.76 வரைதான் காட்டுகிறது. ஒரு ரோலில் 330 மீட்டருக்கும் மேல் கம்பி இருக்கும். நான் அளந்தது 20 மீட்டர் மட்டுமே என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதே பிரிண்டரில், அதே ஃபைலை அச்சிட்டதில் பழைய ரோலின் கிளிப்புகள் 5.9 முதல் 6.1 கிராம் இருந்தன. தங்கள் ரோலில் 5.6 முதல் 6.4 கிராம் வரை மாறுகின்றன.

ஒடிவது குறித்துத் தனியாக எழுதுகிறேன். முதல் ரோலைத் திறந்து ஐந்து வாரம் ஆகிறது. அதில் ஈரம் ஏறியிருக்கலாம், அதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் ஜூலை 17 அன்று மூன்றாவது ரோலின் சீலை வீடியோ எடுத்தபடியே உடைத்து, அப்போதே கம்பியை மெதுவாக வளைத்தேன். ஐந்து துண்டுகளில் நான்கு வளையாமல் பட்டென ஒடிந்தன. பழைய ரோலின் கம்பி மடங்கி வெளுத்த பிறகே உடைகிறது.

ஏழு ரோல்கள் சீலோடு உள்ளன. அவற்றையும் மூன்றாவது ரோலையும் வேறு பேட்சில் மாற்றித் தரவும். இரண்டாவது ரோலுக்கு நியாயமானதைச் செய்யவும். மாதிரிக் கம்பி இரண்டு மீட்டர் அனுப்பியுள்ளேன். கிளிப்புகளை 28ஆம் தேதி ஒப்படைக்க வேண்டியிருப்பதால் விரைவில் பதில் வேண்டுகிறேன்."

0.09 மி.மீ. வித்தியாசத்திற்கு இவ்வளவா என்று கேட்கலாம். கம்பி இவ்வளவு தடிமன் என்று நாம் ஸ்லைசர் சாஃப்ட்வேரில் Diameter என்ற இடத்தில் கொடுப்பதை நம்பித்தான் பிரிண்டர் கம்பியைத் தள்ளுகிறது. வெளிவரும் பிளாஸ்டிக்கின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.75ஐ அதாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 3.06, 1.66ஐப் பெருக்கினால் 2.76. ஆக, நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்து போகிறது. 1.84 என்றால் பத்துப் பங்குக்குச் சற்று மேலேயே கூடுகிறது. ரோல் முழுவதும் ஒரே சீராக 1.70 இருந்திருந்தால் அந்த இடத்தில் 1.70 என்று டைப் செய்து சமாளித்திருக்கலாம். இங்கே மீட்டருக்கு மீட்டர் மாறுவதால் எந்த எண்ணைக் கொடுத்தும் பயனில்லை.

ஈரம்தான் காரணமா என்று பார்க்க இன்னொரு சோதனையும் உண்டு. 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் ரோலை உலர்த்தி, ஆறிய பின் மறுபடி வளைத்துப் பார்க்கலாம். நண்பரின் முதல் ரோல் இப்படி உலர்த்தியதும் ஓரளவு வளைந்தது. மூன்றாவது ரோலில் மாற்றமே இல்லை. சமையலறை அவனில் இதைச் செய்ய வேண்டாம். 60 டிகிரி அளவில் பி.எல்.ஏ. இளகிவிடும், பல அவன்களில் வெப்பம் அதைத் தாண்டி ஏறி இறங்கும். மொத்த ரோலும் ஒட்டிக்கொண்டால் மாற்றித் தரக் கேட்கவும் முடியாது.

கடிதம் போய் நான்காம் நாள் சப்ளையரே போன் செய்தார். சீல் உடைக்காத ரோல் ஒன்றைக் கேட்டு வாங்கித் தானே அளந்து பார்த்தார். வாரக் கடைசியில் எட்டு ரோல்கள் வேறு பேட்ச் எண்ணோடு வந்து சேர்ந்தன. இரண்டாவது ரோலுக்குப் பாதி விலையை அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் ரோலைப் பற்றி இருவருமே பேசவில்லை.