மருந்தா, விஷமா? படத்தில் உள்ள எழுத்துக்கு எந்தத் தமிழ்?

பூச்சிமருந்துக் கடையின் சுவரில் கம்பெனியின் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. மேசைமேல் அதே மருந்தின் பாட்டில் இருக்கிறது. இரண்டையும் செல்போனில் படம் எடுத்து, அவற்றில் உள்ள ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தரும்படி ஒருவருக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஒன்று, சரக்கு ஒன்று, வாசிக்கப்போகும் விவசாயியும் ஒருவரே. ஆனாலும் இரண்டு படங்களுக்கும் ஒரே நடையில் தமிழ் எழுத முடியாது. போஸ்டர் அவரை வாங்கவைக்கப் பார்க்கிறது. லேபிளோ அவருடைய கையும் கண்ணும் வாயும் அந்தச் சரக்கில் படாமல் காக்கப் பார்க்கிறது.

ஜெர்மன் அறிஞர் ஹான்ஸ் ஃபெர்மேர் 1978-இல் இதையே ஒரு கோட்பாடாக முன்வைத்தார். மொழிபெயர்ப்பு எந்த வேலைக்குப் பயன்படப்போகிறதோ, அந்த வேலைதான் அதன் நடையைத் தீர்மானிக்கிறது என்றார். இலக்கிய மொழிபெயர்ப்பில் இதை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் பாட்டிலிலும் சுவரிலும் இருக்கும் எழுத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் போஸ்டர். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சியைப் பாடப்புத்தகம் பழுப்புத் தத்துப்பூச்சி என்கிறது. விவசாயி அதைப் புகையான் என்கிறார். போஸ்டரில் புகையான் என்றுதான் இருக்க வேண்டும். வினைச்சொற்களும் பேச்சை ஒட்டியே வர வேண்டும். “வயல்ல புகையான் தெரியுதா? இன்னிக்கே மருந்து அடிங்க” என்று எழுதினால் கடைக்காரர் பேசுவதுபோல் காதில் விழும். “புகையான் தாக்குதல் காணப்படின் உடனடியாகத் தெளிக்கவும்” என்றால் சுற்றறிக்கை ஆகிவிடும், யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஆனால் இந்தச் சுதந்திரம் நடைக்கு மட்டும்தான். மூலத்தில் ‘கட்டுப்படுத்தும்’ என்ற பொருள் இருந்தால், விறுவிறுப்புக்காக அதை ‘அடியோடு ஒழிக்கும்’ என்று ஆக்கக் கூடாது. அது கம்பெனி கொடுக்காத வாக்குறுதி.

அதே வாக்கியத்தில் ‘மருந்து’ என்று எழுதினோம், கவனியுங்கள். நம் ஊர்களில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்: பூச்சிமருந்து, மருந்து அடிக்கிறது, மருந்துக் கடை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வயலில் அடிப்பதும் மருந்து. போஸ்டரில் இந்தச் சொல் இயல்பாகப் பொருந்துகிறது. லேபிளின் எச்சரிக்கைப் பகுதியிலோ இதே சொல் எதிர்வேலை செய்கிறது. “இந்த மருந்தை விழுங்கினால் ஆபத்து” என்ற வாக்கியத்தில் முதல் பாதி தரும் நம்பிக்கை இரண்டாம் பாதி தரும் பயத்தைக் குறைத்துவிடுகிறது. அங்கே ‘விஷம்’ என்றே எழுத வேண்டும். ‘நஞ்சு’ நல்ல தமிழ்தான், ஆனால் அவசரத்தில் ஓடிவரும் சொல் விஷம். பூச்சிக்கொல்லி என்ற சொல்லை அரசு ஆவணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது லேபிளில் உள்ள எச்சரிக்கைச் சொல். இங்கே படம் இல்லாமல் மொழிபெயர்ப்பு தவறிப்போகும். இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, பாட்டிலில் சாய்சதுரம் ஒன்று அச்சாகியிருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் விஷத்தின் கடுமையைச் சொல்கிறது. மிகக் கடுமையானதற்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. மேல்பாதியில் எச்சரிக்கைச் சொல் இருக்கும். சிவப்பில் மண்டையோட்டுடன் ‘பாய்சன்’, மஞ்சளில் மண்டையோடு இல்லாமல் அதே சொல், நீலத்தில் ‘டேஞ்சர்’, பச்சையில் ‘காஷன்’. ஆக, நான்கு படிகளில் ‘டேஞ்சர்’ மூன்றாவது படி.

இயந்திரங்களில் ஒட்டும் ஸ்டிக்கர்களோ வேறு வழக்கைப் பின்பற்றுகின்றன. அமெரிக்கத் தர விதிகளில் ‘டேஞ்சர்’ என்பதே உச்சம். தவிர்க்காவிட்டால் சாவோ கடுமையான காயமோ நிச்சயம் என்ற நிலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மரணம் நேரலாம் என்றால் ‘வார்னிங்’, சிறு காயம் ஏற்படலாம் என்றால் ‘காஷன்’. ஆகவே ‘டேஞ்சர்’ என்ற ஒற்றைச் சொல்லை யாராவது தட்டச்சு செய்து அனுப்பினால், அது உச்சப் படியா மூன்றாம் படியா என்று தெரியாது. மின்பெட்டியின் சிவப்புப் பட்டையில் இருந்தால் ‘அபாயம்’ என்று எழுதி, ‘தொட்டால் உயிர் போகும்’ என்று அடுத்த வரியில் சொல்லலாம். பாட்டிலின் நீலச் சாய்சதுரத்தில் இருந்தால் ‘ஆபத்து’ போதும். ‘உயிர் போகும்’ என்று சேர்த்தால், சிவப்புப் பாட்டிலுக்கென்று வைத்திருக்கும் கடுமை தேய்ந்துபோகும். அதனால்தான் சொல்லை மட்டும் வெட்டி எடுத்த படத்தை நல்ல மொழிபெயர்ப்பாளர் ஏற்பதில்லை. நிறமும் படக்குறியும் தெரிகிற முழு லேபிளையும் கேட்பார்.

கட்டளைத் தொனிக்கும் இதே அளவுகோல்தான். தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவது வயலில் சாதாரணமாக நடப்பது. பல லேபிள்கள் இதை எச்சரிக்கின்றன. “அடைபட்ட தெளிமுனையை வாயினால் ஊதுவதைத் தவிர்க்கவும்” என்று ஒரு தமிழாக்கம் வந்தால், இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘தவிர்க்கவும்’ என்பது இனிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் தொனி. “நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. விஷம் வாய்க்குள் போகும்” என்பதில் மறுப்பு உறுதியாக இருக்கிறது, காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. போஸ்டரில் ‘அடிங்க’ என்று மரியாதையோடு அழைத்தோம். இங்கே ‘ஊதாதீங்க’ என்று கேட்டுக்கொள்வதைவிட, ஆளைக் குறிப்பிடாத ‘கூடாது’ வலுவாக நிற்கிறது.

மரியாதையைத் தளர்த்துவது எளிதல்ல என்பதற்கு ஜப்பான் சாட்சி. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு, அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தன் அமைதியான, பணிவான அறிவிப்பு நடை அவசரத்தை உணர்த்தவில்லை என்று முடிவெடுத்து அதை மாற்றியது. 2024 ஜனவரி 1-இல் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோது, அறிவிப்பாளர் குரலை உயர்த்தி, உடனே ஓடும்படி கட்டளையாகவே சொன்னார். திரையிலும் சிக்கலான எழுத்துகள் இல்லாமல், குழந்தையும் வாசிக்கும் எளிய எழுத்தில் ‘சுனாமி, ஓடுங்கள்’ என்ற பொருளில் வந்தது. பணிவு வேரோடிய மொழியிலேயே உயிர் காப்பதற்காக அதை விலக்கிவைத்தார்கள்.

பாட்டிலின் படம் மூன்றாவதாக ஒரு வேலைக்கும் வரலாம். பக்கத்து மாநிலத்தில் வாங்கிய பாட்டில், லேபிள் முழுக்கத் தெலுங்கில். அதைக் குடித்துவிட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். டாக்டருக்காகத் தமிழாக்குபவர் இப்போது எச்சரிக்கையை எழுதி என்ன பயன்? டாக்டருக்குத் தேவை உள்ளிருக்கும் ரசாயனத்தின் பெயரும் அதன் செறிவும். ‘குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் இ.சி.’ என்று இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுக்க வேண்டும். அது ஆர்கனோபாஸ்பேட் வகை, முறிவு மருந்து அட்ரோபின் என்பதை அந்தப் பெயரிலிருந்தே டாக்டர் தெரிந்துகொள்வார். லேபிளில் முறிவு மருந்து பற்றிய வரி இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மேலே எழுத வேண்டும். கிராமத்துச் சொல்லும் அழகு நடையும் இங்கே இடைஞ்சல். எண்ணோ பெயரோ படத்தில் மங்கியிருந்தால், ஊகித்து நிரப்பாமல் ‘படிக்க முடியவில்லை’ என்று எழுதிவிட்டு, பாட்டிலைத் திருப்பி வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்ல வேண்டும்.