பாதிக் கட்டிய பாலத்துக்கு எவ்வளவு லாபம்?

ஆற்றின் குறுக்கே மூன்று ஆண்டுகளில் ஒரு பாலம் கட்டித் தர ஒரு கட்டுமான நிறுவனம் ஒப்பந்தம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகை 100 கோடி ரூபாய். கம்பி, சிமென்ட், கூலி, இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து 80 கோடி செலவாகும் என்பது நிறுவனத்தின் எஸ்டிமேட். மிச்சம் 20 கோடி லாபம். அந்த 20 கோடியை எந்த ஆண்டின் கணக்கில் எழுதுவது?

பாலம் திறந்த பிறகுதான் எழுதுவோம் என்றால், முதல் இரண்டு ஆண்டுகளும் அந்த நிறுவனத்துக்கு வருமானமே இல்லை என்று தெரியும். மூன்றாம் ஆண்டு திடீரென்று செல்வம் கொழிக்கும். கடன் கொடுக்கும் வங்கிக்கும் பங்கு வாங்கியவருக்கும் இதில் எந்த ஆண்டின் கணக்கும் பயன்படாது. கைக்கு வந்த பணத்தையே வருவாயாக எழுதலாமா என்றால், அதுவும் சரிவராது. வேலை தொடங்கும் முன்பே முன்பணம் வந்துவிடும். செய்து முடித்த வேலைக்கான பில்லோ அளவெடுத்து, சரிபார்த்து, ஒப்புதல் ஆகி வர மாதக்கணக்காகும்.

ஆகவே வேலை எத்தனை சதவீதம் முடிந்ததோ, ஒப்பந்தத் தொகையில் அத்தனை சதவீதத்தை அந்த ஆண்டுவரையிலான வருவாயாக எழுதுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரம் 115, மற்றவர்களுக்கான தரம் 7 இரண்டுமே இதற்கு வழி செய்கின்றன. வாடிக்கையாளரின் இடத்தில், அவருக்காகவே எழும் கட்டுமானம் என்பதால் ஒவ்வொரு தூணும் எழுந்த அன்றே அவருடையதாகிவிடுகிறது என்பதுதான் இதன் நியாயம். அடுக்குமாடி வீடு கட்டி விற்பவரின் கதை வேறு. அவர்களில் பலர் இப்போது வீட்டை ஒப்படைக்கும்போதுதான் விற்பனையை எழுதுகிறார்கள்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது? பொறியாளர் அளந்து சொல்லலாம். ஆனால் பரவலாக உள்ள வழி செலவை வைத்துப் பார்ப்பது: இதுவரை ஆன செலவை, மொத்தம் ஆகக்கூடிய செலவால் வகுப்பது. நம் பாலத்தில் முதல் ஆண்டு மார்ச் 31 அன்று புத்தகத்தில் 24 கோடி செலவு இருக்கிறது. 24-ஐ 80-ஆல் வகுத்தால் 30 சதவீதம். ஆனால் ஆடிட்டர் சைட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். மார்ச் கடைசி வாரத்தில் வந்திறங்கிய 4 கோடி ரூபாய்க் கம்பி, கட்டு பிரிக்காமல் கிடங்கில் அடுக்கிக் கிடக்கிறது. வளைத்துக் கட்டிக் கான்கிரீட்டுக்குள் போகாத கம்பி, பாலத்தை ஓர் அடிகூட உயர்த்தவில்லை. அந்த 4 கோடியை நீக்கினால் செலவு 20 கோடி, முடிந்த வேலை 25 சதவீதம். வருவாய் 25 கோடி, லாபம் 5 கோடி. நிதியாண்டு முடியும் நேரத்தில் பொருளை வாங்கிக் குவித்துச் சதவீதத்தை ஏற்றுவது பழைய தந்திரம். கிடங்குப் பதிவேட்டையும் சைட்டையும் ஒப்பிட்டாலே அது பிடிபட்டுவிடும்.

பிடிபடுவதற்குக் கடினமானது வகுக்கும் எண். செலவான பணத்துக்குப் பில் உண்டு, ரசீது உண்டு. இனி ஆகப்போகும் செலவுக்கு எதுவும் கிடையாது. அது ஒரு மனிதரின் மதிப்பீடு. இரண்டாம் ஆண்டில் ஆற்றுப் படுகையில் எதிர்பாராத பாறை வருகிறது. அடித்தளத் துளைகள் போட இரண்டு மடங்கு நாளாகிறது. கம்பி விலையும் ஏறிவிட்டது. ஆண்டு முடிவில் இதுவரை ஆன செலவு 54 கோடி. திட்டப் பொறியாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டால் மொத்தச் செலவு 80-இல் நிற்காது, 90 கோடி ஆகும்.

நேர்மையான கணக்கு இப்படிப் போகும்: 54-ஐ 90-ஆல் வகுத்தால் 60 சதவீதம். இதுவரையிலான வருவாய் 60 கோடி. முதல் ஆண்டில் 25 எழுதியாயிற்று, ஆகவே இந்த ஆண்டுக்கு 35 கோடி. இந்த ஆண்டின் செலவு 34 கோடி. லாபம் ஒரே ஒரு கோடி.

தலைமை அலுவலகம் இதை ரசிக்காது. எஸ்டிமேட்டை 80-இலேயே வைத்திருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். 54-ஐ 80-ஆல் வகுத்தால் 67.5 சதவீதம். ஆண்டின் வருவாய் 42.5 கோடி, லாபம் 8.5 கோடி. ஒரு பொய் ரசீதுகூட இல்லாமல் ஏழரைக் கோடி லாபம் முளைத்துவிட்டது. செலவு அதிகமானதால் சதவீதமும் கூடி, தாமதமே முன்னேற்றம்போல் தெரிகிறது. இந்த முறையில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இந்த இடம்தான். மூன்றாம் ஆண்டு மீதி 36 கோடி செலவாகும்போது எழுத மிச்சம் இருக்கும் வருவாய் 32.5 கோடி மட்டுமே. மூன்றரைக் கோடி நஷ்டம். மூன்று ஆண்டுகளையும் கூட்டினால் இரண்டு கணக்கிலும் அதே 10 கோடி லாபம்தான். ஆனால் நடுவில் அந்த 8.5 கோடியை நம்பி ஒருவர் பங்கு வாங்கியிருப்பார், ஒரு வங்கி கடன் கொடுத்திருக்கும், ஊக்கத்தொகையும் ஈவுத்தொகையும் கைமாறியிருக்கும்.

மொத்தச் செலவு 100 கோடியையே தாண்டும் என்று தெரிந்தால் விதி இன்னும் கடுமை. அதே இரண்டாம் ஆண்டில் மதிப்பீடு 108 கோடி என்றால், முழு நஷ்டம் 8 கோடியையும் அந்த ஆண்டே எழுதிவிட வேண்டும். பாதி வேலைதான் முடிந்தது என்று பாதி நஷ்டத்தோடு நிறுத்த முடியாது. முதல் ஆண்டு காட்டிய 5 கோடி லாபமும் திரும்பிப் போவதால், அந்த ஒரே ஆண்டில் 13 கோடி அடி. வருமான வரிக் கணக்கில் மட்டும் இந்த வருங்கால நஷ்டத்தை முன்கூட்டிக் கழிக்க விடுவதில்லை. அங்கே அது வேலை நடக்க நடக்கத்தான் கழியும்.

நிஜத்தில் இது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு பிரிட்டனின் கரிலியன் சாட்சி. மருத்துவமனைகள், சாலைகள் கட்டிய பெரிய நிறுவனம் அது. 2016-ஆம் ஆண்டுக்குச் சுமார் 147 மில்லியன் பவுண்டு லாபம் என்று 2017 மார்ச்சில் அறிவித்தது. அந்த ஜூலையில் ஒப்பந்தங்களின் மதிப்பில் 845 மில்லியன் பவுண்டைக் குறைத்து எழுதுவதாகச் சொன்னது. 2018 ஜனவரியில் நிறுவனமே கலைப்புக்குப் போனபோது கையில் மிஞ்சியிருந்த ரொக்கம் 29 மில்லியன் பவுண்டு. அதைத் தணிக்கை செய்த கேபிஎம்ஜி 2023-இல் 21 மில்லியன் பவுண்டு அபராதத்துக்கு உள்ளானது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திட்டப் பொறியாளரின் கணக்குத் தாள் கிடைக்காது. ஆனால் ஆண்டறிக்கையில் பில் போடாத வருவாய் என்று ஒரு வரி இருக்கும். சதவீதக் கணக்குப்படி எழுதிவிட்ட, ஆனால் வாடிக்கையாளர் இன்னும் பில்லாக ஏற்காத தொகை அது. நம் பாலத்தில் வாடிக்கையாளரின் பொறியாளர் தூண்களை அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, 55 கோடிக்குத்தான் பில் ஏற்றிருக்கிறார் என்றால், நேர்மையான கணக்கில் அந்த வரி 5 கோடி. மறைத்த கணக்கில் 12.5 கோடி. எஸ்டிமேட்டைத் தலைமை அலுவலகம் பிடித்து வைக்கலாம், எதிர்த்தரப்புப் பொறியாளரின் அளவுநாடாவைப் பிடித்து வைக்க முடியாது. இந்த வரி விற்பனையைவிட வேகமாக ஆண்டுக்காண்டு வளர்ந்து, லாபம் ஏறியும் தொழிலிலிருந்து வரும் ரொக்கம் ஏறாமல் இருந்தால், அந்தப் பங்கை வாங்குமுன் எந்தெந்த ஒப்பந்தங்களின் எஸ்டிமேட் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று கேட்க வேண்டும்.