₹186 அடக்கமாகும் டி-ஷர்ட்டை ₹165-க்கு விற்கலாமா?

பகலில் வேலை, ராத்திரியில் சிஎம்ஏ அல்லது சிஏ இன்டர் படிப்புன்னு ஓடிட்டு இருக்கிற நிறைய பேர் நம்ம சேனலில் இருக்கீங்க. மார்ஜினல் காஸ்டிங் ஃபார்முலா எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனா "இந்த ஆர்டரை எடுக்கலாமா, வேண்டாமா?"ன்னு கேள்வி வந்தா பேனா நின்னுடும். அந்த ஒரு கேள்வியை மட்டும் இன்னைக்கு முழுசா போட்டுப் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு சின்ன டி-ஷர்ட் யூனிட்டுன்னு வச்சுக்கோங்க. கணக்கு புரியறதுக்காக எண்களை ரவுண்டா எடுத்திருக்கேன். ஜிஎஸ்டி எதையும் சேர்க்கலை.

ஒரு டி-ஷர்ட் விற்பனை விலை ₹200. அதுக்குத் துணி ₹90, தையல் பீஸ் ரேட் ₹25, நூல், லேபிள், பேக்கிங் எல்லாம் சேர்த்து ₹15. மொத்தம் ₹130. இது மாறும் செலவு. ஒரு பீஸ் கூடுதலா தைச்சா ₹130 கூடும், ஒரு பீஸ் குறைஞ்சா ₹130 குறையும்.

இன்னொரு பக்கம், மாசம் பிறந்தாலே வந்து நிக்கிற செலவுகள் இருக்கு. வாடகை ₹40,000, சூப்பர்வைசர், கணக்குப்பிள்ளை சம்பளம் ₹60,000, மெஷின் தேய்மானம் ₹20,000, கடன் வட்டி ₹15,000, மத்தது ₹5,000. மொத்தம் ₹1,40,000. இது நிலையான செலவு. ஒரு பீஸ்கூடத் தைக்கலைன்னாலும் இதைக் கொடுத்துத்தான் ஆகணும்.

பிரேக்-ஈவன் எங்கே?

₹200-க்கு விற்று ₹130 போனா மிச்சம் ₹70. இதுக்குப் பேரு கான்ட்ரிபியூஷன். இதை உடனே லாபம்னு எழுதிடாதீங்க. இந்த ₹70 முதல்ல போய் அந்த ₹1,40,000-ஐ அடைக்கணும். அடைச்சு முடிச்ச பிறகு வர்ற ஒவ்வொரு ₹70-ம்தான் லாபம்.

₹1,40,000-ஐ ₹70-ஆல் வகுத்தா 2,000 பீஸ். அதுதான் பிரேக்-ஈவன் பாயின்ட். யூனிட் இப்போ மாசம் 2,500 பீஸ் விற்குது. அப்போ பிரேக்-ஈவனைத் தாண்டின 500 பீஸுக்கு ₹70 வீதம் லாபம் ₹35,000. இந்த 500 பீஸ்தான் மார்ஜின் ஆஃப் சேஃப்டி, அதாவது விற்பனையில் 20 சதவீதம். விற்பனை அதுக்கு மேல சரிஞ்சா நஷ்டம் ஆரம்பிக்கும்.

இப்போ ஆர்டர் வருது

ஒரு காலேஜ் விழாவுக்கு 800 டி-ஷர்ட் வேணும், பீஸுக்கு ₹165-க்கு மேல தர முடியாதுன்னு ஒருத்தர் வர்றார். இருக்கிற மெஷினையும் ஆளையும் வச்சு மாசம் 3,500 பீஸ் வரை தைக்கலாம். இடம் இருக்கு.

ஓனர் கணக்குப்பிள்ளையைக் கேட்கிறார். அவர் ₹1,40,000-ஐ 2,500-ஆல் வகுத்து, பீஸுக்கு ₹56 நிலையான செலவுன்னு எடுக்கிறார். ₹130-ம் ₹56-ம் சேர்ந்தா அடக்கம் ₹186. "பீஸுக்கு ₹21 கை நஷ்டம், 800 பீஸுக்கு ₹16,800 போயிடும். வேண்டாம் சார்"னு சொல்லிடறார்.

அவர் வகுத்ததில் தப்பில்லை. ஆனா அந்த ₹56 அவர் காகிதத்தில் வகுத்ததால் வந்த எண். 801-வது பீஸ் தைச்சாலும் வாடகைக்காரர் கூடுதலா ₹56 கேட்கப் போறதில்லை. ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் ₹1,40,000 அதேதான்.

அதனால முடிவெடுக்கும்போது, இந்த ஆர்டரால் எது மாறுதோ அதை மட்டும் பாருங்க. வரவு ₹165 கூடுது, செலவு ₹130 கூடுது. பீஸுக்கு ₹35 மிச்சம். 800 பீஸுக்கு ₹28,000.

சந்தேகம் இருந்தா மொத்தமா போட்டுப் பாருங்க. பழைய விற்பனை ₹5,00,000, புது ஆர்டர் ₹1,32,000, ஆக ₹6,32,000. மாறும் செலவு 3,300 பீஸுக்கு ₹4,29,000. நிலையான செலவு ₹1,40,000. லாபம் ₹63,000. முன்னாடி ₹35,000. சரியா ₹28,000 கூடியிருக்கு. நஷ்டம்னு சொன்ன ஆர்டர் லாபத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிடுச்சு.

அப்போ ₹130-க்கு மேல வர்ற எல்லா ஆர்டரையும் எடுக்கலாமா?

இங்கதான் பரீட்சையிலும் மார்க் போகும், தொழிலிலும் பணம் போகும்.

அதே ஆள் 800-க்குப் பதிலா 1,500 பீஸ் கேட்கிறார்னு வைங்க. பீஸுக்கு ₹35 வீதம் ₹52,500 வருதேன்னு தோணும். ஆனா காலியா இருக்கிறது 1,000 பீஸுக்கான இடம்தான். மீதி 500-ஐத் தைக்கணும்னா பழைய வாடிக்கையாளருக்குப் போற 500 பீஸை நிறுத்தணும். அதுல போற கான்ட்ரிபியூஷன் ₹70 வீதம் ₹35,000. நிகரமா கூடுறது ₹17,500 மட்டும்.

800 பீஸ் ஆர்டரில் ₹28,000 கிடைச்சது. 1,500 பீஸ் ஆர்டரில் ₹17,500. பெரிய ஆர்டரில் வருமானம் கம்மி! அந்த கடைசி 500 பீஸுக்கு நீங்க கேட்க வேண்டிய குறைந்தபட்ச விலை ₹130 இல்லை. ₹130-ம், இழக்கிற ₹70-ம் சேர்த்து ₹200. இந்த ₹70-ஐத்தான் புத்தகத்தில் வாய்ப்புச் செலவுன்னு சொல்றாங்க. அதனால கணக்கில் 'கெபாசிட்டி' எவ்வளவுன்னு ஒரு வரி இருந்தா, முதல்ல அதை அடிக்கோடு போடுங்க.

இரண்டாவது ஆபத்து, விலை வெளியே தெரியறது. காலேஜுக்கு ₹165-க்குக் கொடுத்ததை வழக்கமா வாங்குறவர் கேள்விப்பட்டு, "எனக்கும் ₹10 குறைங்க"ன்னு கேட்டா? 2,500 பீஸுக்கு ₹25,000 போயிடும். அந்த ₹28,000 ஒரு தடவை வந்தது. இந்த ₹25,000 மாசாமாசம் போகும். கான்ட்ரிபியூஷன் ₹60 ஆனதும் பிரேக்-ஈவனும் 2,000-லேர்ந்து 2,334 பீஸுக்கு ஏறிடும். பாதுகாப்புக்கு இருந்த 500 பீஸ் இடைவெளி 166-ஆ சுருங்கிடும். அதனாலதான் இந்த மாதிரி விலையை வேற மார்க்கெட்டுக்கு, ஒரு தடவை வர்ற ஆர்டருக்கு மட்டும் கொடுக்கணும்.

மூணாவது, நிலையான செலவு எப்பவும் நிலையா இருக்காது. 3,500-ஐத் தாண்டினா இன்னொரு சூப்பர்வைசரோ, இன்னொரு ஷெட்டோ தேவைப்படலாம். அவசர ஆர்டர்னா பீஸ் ரேட் கூடலாம். காலேஜ் லோகோ பிரிண்ட் போட ₹12 ஆகும்னா, மாறும் செலவு ₹142, மிச்சம் ₹23. 800 பீஸுக்கு ₹18,400. அப்பவும் எடுக்கலாம். ஆனா ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்த ₹130-ஐப் புதுசா போட்டுப் பார்க்கணும்.

கடைசியா ஒண்ணு. எல்லா ஆர்டரையும் ₹165-க்கே எடுத்தா என்ன ஆகும்? ₹35 கான்ட்ரிபியூஷனில் ₹1,40,000-ஐ அடைக்க 4,000 பீஸ் விற்கணும். யூனிட்டால் முடியறதே 3,500 பீஸ்தான். முழு மூச்சா ஓடினாலும் மாசம் ₹17,500 நஷ்டம். ₹165 வேலை செஞ்சதுக்குக் காரணம், அந்த ₹1,40,000-ஐ ₹200 கொடுத்த பழைய வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே அடைச்சிருந்ததுதான்.

இதே கணக்கில் காலேஜ் ஆர்டர் 1,200 பீஸ், விலை ₹170-ன்னு மாத்திப் போட்டுப் பாருங்க. பிரிண்ட் செலவு இல்லை. லாபம் எவ்வளவு கூடுதுன்னு கமென்ட்ல எழுதுங்க. ₹48,000-ன்னு வந்தா, கெபாசிட்டி வரியைத் திரும்பப் படிங்க.