டீச்சரின் 14 நாள் கணக்கு

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தெரு. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் 400 புத்தகங்கள், 60 உறுப்பினர்கள், நீளவாக்கில் கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டு. முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் இந்த நூலகத்தின் சாவி வந்து சேர்கிறது. இந்த டீச்சர் கதையில் வருபவர். ஆனால் அவர் கையில் எடுக்கும் முறை நிஜமானது. நூறாண்டுக்கும் மேலாக நூலகங்களில் புழங்கி வருவது.

முதல் வாரத்திலேயே நோட்டின் பிரச்சினை தெரிந்துவிடுகிறது. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். யார் என்ன எடுத்தார் என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். ஆனால் ஒரு பையன் ஓடி வந்து, "டீச்சர், இது அம்மா எடுத்த புக்கு" என்று மேசையில் வைத்துவிட்டு நிற்கும்போது அது உதவாது. "அம்மா நம்பர் என்னப்பா?" என்றால் அவனுக்குத் தெரியாது. ஒரே பெயரில் நோட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். இன்றைக்கு எந்தெந்தப் புத்தகம் திரும்பி வர வேண்டும் என்பதையோ நோட்டு சொல்லவே சொல்லாது. அதை அறிய 60 பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

டீச்சர் நோட்டை மூடிவிட்டு அட்டைகளை வெட்ட உட்காருகிறார். நினா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறை இது. நம் ஊர்க் கிளை நூலகங்களில் உறுப்பினராக இருந்தவர்கள் பெயர் தெரியாமலே இதைப் பழகியிருப்பார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சிறு அட்டை. அதில் புத்தகத்தின் பெயரும் சேர்க்கை எண்ணும் இருக்கும். அட்டை வைக்கப் பின்னட்டையின் உட்புறம் ஒரு காகிதப் பை, அதற்கு எதிரே தேதி முத்திரை விழும் ஒரு தாள். உறுப்பினருக்குத் தருவது அவர் பெயரும் எண்ணும் எழுதிய, பை மாதிரி மடித்து ஒட்டிய டிக்கெட். ஆளுக்கு இரண்டு டிக்கெட் என்று டீச்சர் முடிவு செய்கிறார்.

புத்தகம் வெளியே போகும்போது அதன் அட்டையை உருவி, எடுப்பவரின் டிக்கெட்டுக்குள் செருக வேண்டும். தாளில் திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்த வேண்டும். அட்டையும் டிக்கெட்டும் சேர்ந்த அந்தச் சோடி, அந்தத் தேதிக்குரிய இடத்தில், ஒரு நீளமான மரத்தட்டில் எண் வரிசைப்படி நிற்கும். திரும்பி வரும்போது பையனிடம் எதையும் கேட்க வேண்டாம். தாளில் தேதி இருக்கிறது, பையில் எண் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பின்னால் அந்த எண்ணைத் தேடினால் அம்மாவின் டிக்கெட் கைக்கு வந்துவிடும். எழுத்து வேலையே கிடையாது. தட்டில் முன்னால் நிற்கும் பழைய தேதிகள் எல்லாம் தவணை கடந்தவை என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

எத்தனை நாள் தவணை தருவது? பலரும் '15 நாள்' என்கிறார்கள். டீச்சர் 14 என்று நிற்கிறார். நூலகம் திறப்பது செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு மாலைகளில். செவ்வாய்க்கிழமை எடுத்த புத்தகத்துக்கு 15 நாள் என்றால் அது புதன்கிழமை முடியும். அன்று கதவு பூட்டியிருக்கும். 14 நாள் என்றால் எடுத்த கிழமையிலேயே முடியும், பண்டிகை விடுமுறை குறுக்கிட்டால் ஒழிய நூலகம் திறந்திருக்கும். கூடவே இன்னொரு வசதி: எல்லோரும் தவணைக்குள் தந்துவிட்டால் பூட்டும் நேரத்தில் தட்டில் எட்டே எட்டுத் தேதிகள்தான் இருக்கும். நாளுக்குப் பத்துப் பேர் எடுத்தாலும் எண்பது சோடிகள். ஒரு செருப்புப் பெட்டியில்கூட அடங்கிவிடும்.

இனி யார் உட்காருவது? டீச்சர் நான்கு வாரத்துக்கு ஒரு முறைப்பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுகிறார். ஒவ்வொரு மாலைக்கும் இரண்டு பேர்: ஒரு பெரியவர், ஒரு பள்ளி மாணவர். ஒருவர் புத்தகம் வாங்குவார், மற்றவர் கொடுப்பார். இரண்டையும் ஒருவரே செய்தால் கூட்ட நேரத்தில் அட்டைகள் குழம்பும். பெயருக்குக் கீழே மாற்று ஆளின் பெயரும் இருக்கும். பூட்டும் முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு எண்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நேற்றைய தட்டில் 61, இன்று கொடுத்தது 12, வாங்கியது 9, ஆகவே 64. தட்டை எண்ணினால் 64 வர வேண்டும். 63 வந்தால் ஒரு சோடி எங்கோ விழுந்திருக்கிறது. அன்றைக்கே தேடினால் மேசைக்கடியில் கிடைக்கும், ஒரு மாதம் கழித்துக் கிடைக்காது.

இந்தக் கணக்குக்கும் பிடிபடாத ஒரு பிழை உண்டு. நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் இரண்டு பிரதி, எண் 118, எண் 131. இரண்டும் வெளியே போயிருக்கின்றன. 118 திரும்பி வருகிறது. உட்கார்ந்திருக்கும் மாணவி அவசரத்தில் தேதியைப் பார்க்காமல் தலைப்பை வைத்துத் தேடி, 131-இன் அட்டையை உருவிவிடுகிறாள். எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. ஆனால் புத்தகம் கொடுத்தவர் கையில் வேறொருவரின் டிக்கெட். புத்தகத்தைக் கொடுத்துவிட்டவர் தட்டில் இன்னும் கடன்காரராக நிற்கிறார். பத்து நாளில் அவர் வீட்டுக்கு நினைவூட்டல் போகிறது. "டீச்சர், நான் அப்பவே கொடுத்துட்டேனே!" என்று அவர் வருத்தத்தோடு வந்து நிற்கிறார்.

டீச்சர் அவரைச் சந்தேகப்படவில்லை. நேரே அலமாரிக்குப் போய் 118-ஐ எடுத்துப் பின்னட்டையைத் திறக்கிறார். பையில் 131-இன் அட்டை. அவ்வளவுதான் வேண்டிய சாட்சி. அட்டைகளை மாற்றி வைத்து, டிக்கெட்டுகளை உரியவர்களிடம் சேர்த்துவிட்டு, மேசையில் ஒரு வரி எழுதி ஒட்டுகிறார்: முதலில் தேதி, பிறகு எண், தலைப்பைப் பார்க்கவே வேண்டாம். தவணை கடந்ததாகத் தோன்றும் எந்தப் புத்தகத்துக்கும் நினைவூட்டல் அனுப்பும் முன் அலமாரியைப் பார்ப்பது அன்றிலிருந்து வழக்கமாகிறது. நூலகத்தின் மேல் உள்ள நம்பிக்கை ஒரு தவறான நினைவூட்டலில் உடையக்கூடியது என்பதால் இந்தப் பழக்கத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கலாம்.

அபராதம் வேண்டாம் என்றும் டீச்சர் சொல்லிவிடுகிறார். ஐந்து ரூபாய்க்குப் பயந்து ஒரு பிள்ளை வராமலே போய்விட்டால் புத்தகமும் போகும், வாசகரும் போவார். டிக்கெட் தட்டில் மாட்டியிருக்கும் வரை அதில் இன்னொரு புத்தகம் எடுக்க முடியாது. அதுவே போதிய கட்டுப்பாடு.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. புத்தகம் திரும்பியதும் அட்டையும் டிக்கெட்டும் பிரிந்துவிடுவதால், யார் இதற்கு முன் என்ன படித்தார் என்ற தடயம் மிஞ்சாது. வாசகரின் அந்தரங்கத்துக்கு அது நல்லது. ஆனால் பக்கம் கிழிந்து வந்ததைப் பிறகு கவனித்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாது. அதனால் வாங்கும்போதே புரட்டிப் பார்க்க வேண்டும். தட்டு கீழே விழுந்து சிதறினால் சோடிகள் கலையாது, தேதி வரிசைதான் குலையும். அதற்காக ஒவ்வொரு நாளும் எந்த எண்கள் வெளியே போயின என்று துண்டுத் தாளின் பின்புறம் எழுதி வைக்கிறார்கள். உறுப்பினர்கள் பல நூறாகப் பெருகினால் கணினிக்கு மாறுவதே சுலபம். நியூசிலாந்தில் உருவாகி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை 1924-இல் ஏற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனும் அதற்கு முன் கணக்கு வாத்தியார்தான். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது 1931-இல் அவர் எழுதி வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது. இப்போது பையன் புத்தகத்தை மேசையில் வைத்தால், அவன் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அம்மாவின் டிக்கெட் அவன் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு மீதி மாலை முழுவதும் இருக்கிறது.