பல்ப் வெளிச்சத்தைக் குறைக்க 10 மில்லி செகண்ட் கணக்கு

ஆர்டுயினோவுல எல்.இ.டி.யை மங்க வைக்க analogWrite போதும். வீட்டு 230 வோல்ட்ல எரியற இழை பல்புக்கு அது வேலைக்கு ஆகாது. ஏன்னு பார்ப்போம்.

அங்க ஸ்விட்சா இருக்கறது ட்ரயாக். கேட்ல சின்ன பல்ஸ் கொடுத்தா ஆன் ஆகும். ஆனா நாம சொல்லி ஆஃப் ஆகாது. அது வழியா போற கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு வந்தாதான் தானா அணையும். நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வோல்டேஜ் பூஜ்ஜியத்தைக் கடக்கும். அந்த நொடியைக் கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் ஜீரோ கிராஸிங் டிடெக்டர். அதுல இருந்து எவ்வளவு நேரம் காத்திருந்து பல்ஸ் கொடுக்கறோமோ, அதுதான் வெளிச்சம்.

60 வாட் பல்பை எடுத்துக்கோங்க. 1 மில்லி செகண்ட்ல பல்ஸ் கொடுத்தா கிட்டத்தட்ட முழு வெளிச்சம். 5-ல கொடுத்தா, ஏறக்குறைய பாதி பவர். ஆனா இழையோட சூடு குறையறதால, கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் பாதியை விட ரொம்பக் கம்மியா இருக்கும். இன்னும் மங்கலாக்கலாம்னு 9.9-க்குப் போனீங்கன்னா, பல்ஸ் முடியறதுக்குள்ள அடுத்த அரை சுற்று ஆரம்பிச்சிடும். ட்ரயாக் அதோட தொடக்கத்துலயே ஆன் ஆகி, மங்கலா இருந்த பல்ப் பளிச்னு மின்னும். மங்கலான இடத்துல மட்டும் இப்படி மின்னுதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். கோட்ல 9 மில்லி செகண்டைத் தாண்ட விடாதீங்க.

ட்ரயாக்கைத் தூண்டற ஆப்டோகப்ளர் வாங்கும்போது MOC3021 கேளுங்க. MOC3041-க்குள்ளயே ஜீரோ கிராஸிங் சர்க்யூட் இருக்கு. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல மட்டும்தான் அது ஆன் பண்ணும், நடுவுல பல்ஸ் கொடுத்தா கண்டுக்காது. அதை வச்சு இந்த மாதிரி மங்க வைக்க முடியாது.

இப்போ எல்லைக்கோடு. BT136 ட்ரயாக்கோட பின்னாடி இருக்கற உலோகத் தகடு அதோட ஒரு மெயின் காலோடயே இணைஞ்சிருக்கு, அதனால அதுலயும் 230 வோல்ட் இருக்கலாம். பல்ப் அணைஞ்சிருக்குன்னு நம்பித் தொடாதீங்க. ஆஃப்ல இருக்கற ட்ரயாக் வழியாவும் கொஞ்சம் கரண்ட் கசியும். பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும். லைவ் ஒயர்ல 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, எல்லாத்தையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள மூடுங்க. ஜீரோ கிராஸிங் சிக்னலும் ஆப்டோகப்ளர் வழியாத்தான் வரணும். அது இல்லாம நேரா எடுத்தா, யூ.எஸ்.பி. கேபிள் வழியா உங்க லேப்டாப்புக்கே மெயின்ஸ் வந்துடும்.

இந்த சர்க்யூட்டை இழை பல்போட நிறுத்திக்கோங்க. அட்டையில 'டிம்மபிள்'னு போடாத எல்.இ.டி. பல்ப் இதுல மினுக்கும், சீக்கிரம் போயிடவும் செய்யும். ஃபேனுக்கு இதை அப்படியே மாட்டாதீங்க. காயில்ல கரண்ட் வோல்டேஜுக்குப் பின்னாடியே வரும், ட்ரயாக் அணைய வேண்டிய நேரத்துல அணையாது. அதுக்கு ஸ்னப்பர் வேணும், கணக்கும் வேற.