குரல் சொன்னதைத் திரையும் சொன்னால்

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைநீர்ச் சேகரிப்பு எப்படி வேலை செய்கிறது என்று குடியிருப்பவர்களுக்குப் புரியவைக்க, ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட் எழுதுபவர் தாளை இரண்டாகப் பிரிக்கிறார். இடப்பக்கம் வாய்ஸ் ஓவர், வலப்பக்கம் திரையில் வரும் எழுத்து. எழுதி முடித்ததும் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் அதே வாக்கியங்கள். காதில் விழாதவர்கள் படித்துக்கொள்ளட்டும், படிக்காதவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் இப்படி எழுதுகிறோம். ஆனால் இந்த நல்லெண்ணமே புரிதலைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது.

2001இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயரும் உடன் ஆய்வாளர்களும் மின்னல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் ஓர் அசைபடத்தைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். நீளம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. சிலருக்குப் படமும் குரலும் மட்டும். மற்றவர்களுக்கு அதே படம், அதே குரல், கூடவே திரையின் அடியில் எழுத்து. பிறகு கேட்ட கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பவை மட்டுமல்ல. வானத்தில் மேகம் இருக்கிறது, மின்னல் இல்லை, ஏன்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எழுத்தில்லாத படத்தைப் பார்த்தவர்களே நன்றாகப் பதில் சொன்னார்கள். குரல் பேசியதை அப்படியே எழுத்தில் போட்டாலும் கெடுத்தது. சுருக்கிப் போட்டாலும் கெடுத்தது. சுருக்கமும் உதவவில்லை என்பதை எடிட் செய்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றித் திரையில் போட்டுவிட்டால் திரும்பச் சொன்னதாகாது என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

காரணம் இரண்டு. முதலாவது கண். ஒரே நொடியில் கண் ஓரிடத்தைத்தான் கூர்ந்து பார்க்க முடியும். எழுத்து வந்தால் கண் எழுத்துக்குப் போய்விடும். குழாயிலிருந்து கிணற்றுக்கு நீர் இறங்கும் படம் ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க ஆளிருக்காது. இரண்டாவது, மனதுக்குள் கேட்கும் குரல். படிக்கும்போது எழுத்தை மனதுக்குள் ஒலியாக மாற்றிக்கொள்கிறோம். காதில் விழும் பேச்சைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும் அதே இடத்துக்குத்தான் அந்த ஒலியும் வருகிறது. ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த செயல்நினைவு மாதிரியிலிருந்து வளர்ந்த கருத்து இது. கண் படிக்கும் வேகமும் குரல் பேசும் வேகமும் ஒன்றல்ல. வேகமாகப் படிப்பவர் வரியை முடித்துவிட்டுக் குரலுக்காகக் காத்திருப்பார்; மெதுவாகப் படிப்பவரைக் குரல் முந்திவிடும். இருவரும் இரண்டையும் ஒத்துப்பார்ப்பதில் கவனத்தைச் செலவழிக்கிறார்கள். சொற்கள் சற்று மாறியிருந்தால் ஒத்துப்பார்க்கும் வேலை இன்னும் கூடும்.

இனி மயிலாப்பூர் ஸ்கிரிப்டுக்கு வருவோம். முதல் பகுதி இப்படி இருக்கிறது:

குரல்: உங்கள் மாடியின் பரப்பு 3,000 சதுர அடி. ஒரு நாளில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் மாடியில் விழும் நீர் சுமார் 14,000 லிட்டர்.

திரை: மாடியின் பரப்பு 3,000 சதுர அடி. ஒரு நாள் மழை 5 செ.மீ. கிடைக்கும் நீர் சுமார் 14,000 லிட்டர்.

கணக்கு சரிதான். 3,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 279 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டருக்கு 13,950 லிட்டர். ஆனால் இதைக் கேட்பவர் மூன்று எண்களையும் மனதில் பிடித்துக்கொண்டே மூன்று வரிகளையும் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த நீர் அவருக்கு எவ்வளவு பெரியது என்பதை இரண்டு பக்கமுமே சொல்லவில்லை. திருத்தியபின்:

திரை: மாடியின் வரைபடம், அதன்மேல் 3,000 ச.அடி, 5 செ.மீ. பிறகு 14,000 லிட்டர்.

குரல்: ஒரே நாள் மழை. உங்கள் மாடியில் மட்டும் பதினாலாயிரம் லிட்டர். சிதறியும் ஆவியாகியும் போனது போக, காசு கொடுத்து வரவழைக்கிறோமே ஒரு பெரிய தண்ணீர் லாரி, அந்த அளவு மிஞ்சும்.

சென்னையில் ஓடும் லாரிகளில் 12,000 லிட்டர் கொள்ளளவு உள்ளவை உண்டு. நூற்றுக்குப் பதினைந்து பங்கு வீணாகும் என்று கழித்தால் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது. கணக்கில் போடும் எண்கள் இப்போது திரைக்கு மட்டும் போய்விட்டன. அவற்றைப் பார்த்தால் போதும், கேட்கத் தேவையில்லை. விடையான 14,000 மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. இது வெட்ட மறந்ததல்ல. அந்த ஓர் எண் நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காகவே விட்டுவைத்தது.

இதற்கும் ஆதாரம் உண்டு. 2008இல் மேயரும் செரில் ஜான்சனும் பழைய முடிவையே மறுபடி சோதித்தார்கள். குரல் சொல்லும் வாக்கியத்திலிருந்து இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுத்து, படத்தில் அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். பார்த்தவர்களுக்குச் செய்தி கூடுதலாக நினைவில் நின்றது; புரிதலும் கெடவில்லை. ஆக, தொல்லை திரையில் எழுத்து இருப்பதால் வருவதில்லை. முழு வாக்கியமாக, படத்தை விட்டு விலகி அடியில் நிற்பதால் வருகிறது.

இதிலிருந்து ஒரு வேலைமுறையை எடுத்துக்கொள்ளலாம். வலப்பக்க எழுத்தில் வினைச்சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையால் கோடு போடுங்கள். வினைச்சொல் குரலுக்கு உரியது, ஏனென்றால் எது எப்படி, ஏன் நடக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. திரைக்குப் பெயர்ச்சொல்லும் எண்ணும் போதும். ஸ்கிரிப்டின் இரண்டாம் பகுதியில் இது நன்றாகத் தெரிகிறது. “மாடியிலிருந்து வரும் நீர் குழாய் வழியாக வடிகட்டித் தொட்டிக்கு வந்து, கூழாங்கல் அடுக்கில் குப்பை நீங்கி, உறை கிணற்றில் இறங்கி, மண்ணுக்குள் ஊறுகிறது” என்று திரையில் நான்கு வரி. அத்தனை வினைகளையும் அடித்துவிட்டால் மிஞ்சும் பெயர்களில் திரைக்கு வேண்டியவை வடிகட்டி, கூழாங்கல், உறை கிணறு என்ற மூன்றுதான். ஒவ்வொன்றையும் படத்தில் அதனதன் இடத்தில் வைத்து, குரல் அந்தச் சொல்லை உச்சரிக்கும் நொடியில் தோன்றச் செய்து, அந்தக் காட்சி முடியும்வரை நிறுத்த வேண்டும். நீர் இறங்குவதைப் படமே காட்டுகிறது. குரலுக்கு இப்போது இடம் கிடைத்துவிட்டது. குப்பை நீங்காத நீர் இறங்கினால் கிணற்றின் அடிமண் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் மழைக்காலத்துக்கு முன் கூழாங்கல்லை எடுத்துக் கழுவ வேண்டும் என்று அது சொல்லலாம். முதல் வடிவத்தில் இந்த வாக்கியத்துக்கு நேரமே இருந்திருக்காது. நிதானமாகப் பேசினால் ஒன்றரை நிமிடத்தில் நூற்றைம்பது தமிழ்ச் சொற்கள் அடங்கினாலே அதிகம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இரண்டு சங்கடங்கள் கூடுதலாக உண்டு. குரல் பேச்சுவழக்கை ஒட்டியும் திரை எழுத்துவழக்கிலும் இருப்பது நமக்குப் பழக்கம். குரல் “உறை கிணறு” என்று சொல்லும்போது திரையில் “செறிவூட்டும் கிணறு” என்று வந்தால், பார்ப்பவர் இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு கணம் தயங்குவார். அடுத்த வாக்கியம் போய்விடும். திரையில் வைக்கும் பெயர், குரல் சொல்லும் அதே சொல்லாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று நம் சொற்களின் நீளம். உருபுகள் ஒட்டி வளர்ந்த சொல் கைபேசித் திரையின் அகலத்தையே பிடித்துக்கொள்ளும். “வடிகட்டித் தொட்டியிலிருந்து” என்பதைத் திரைக்கு “வடிகட்டி” என்று வெட்டுவதால் எதுவும் குறையாது. எங்கிருந்து எங்கே என்பதை அம்புக்குறி காட்டிவிடும்.

வெட்டும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. எழுத்தை நீக்கிய இடம் காலியாகத் தெரிகிறதே என்று, குரல் சொல்லாத வேறொரு செய்தியை அங்கே போட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட 2003ஆம் ஆண்டு சட்டத்தைப் பற்றிக் குரல் பேசிக்கொண்டிருக்கும். திரையில் வடிகட்டியைக் கழுவும் முறை ஓடும். திரும்பச் சொல்வதைவிட இது மோசம். கேட்பவர் இரண்டில் ஒன்றைக் கைவிட்டே ஆகவேண்டும். அந்த இடத்துக்கு “2003” என்ற எண்ணே போதும். இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்.

இந்த முறை செல்லாத இடங்களும் இருக்கின்றன. திரையில் படமே இல்லாமல் எழுத்து மட்டும் இருந்தால், குரலும் எழுத்தும் ஒன்றாக வருவது உதவவே செய்கிறது என்று ரோக்சானா மொரேனோவும் மேயரும் 2002இல் காட்டினார்கள். கண்ணை இழுத்துக்கொள்ள அங்கே வேறு எதுவும் இல்லை. படிக்கப் பழக்குவதே நோக்கம் என்றால் அப்போதும் கணக்கு மாறும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சியில் வரும் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகளைக் கீழே ஓடவிடும் திட்டத்தைத் தொடங்கியது எழுத்தறிவை வளர்க்கத்தான். அங்கே காதும் கண்ணும் ஒரே சொல்லைப் பெறுவதுதான் வேலையே. காது கேளாதவர்களுக்கும் பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கும் முழு வசனமும் எழுத்தில் தேவை. அவர்களை விட்டுவிட யாருக்கும் உரிமை இல்லை. யூடியூபில் ஏற்றினால் வசனங்களைத் தனி வசனக்கோப்பாகக் கொடுத்துவிடலாம். வேண்டியவர் போட்டுக்கொள்வார், வேண்டாதவர் அணைத்துவிடுவார். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது அந்த வசதி இல்லை என்பதால், எழுத்து பதிந்த பிரதி ஒன்றும் பதியாத பிரதி ஒன்றுமாக இரண்டு அனுப்புவதே முறை. பார்வையற்றவர்களையும் நினைக்க வேண்டும். குரல் “இதோ இங்கே” என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பொருளின் பெயரைக் குரல் ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும்.

எடிட் முடிந்ததும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். முதலில் ஒலியில்லாமல். என்னென்ன பொருள்கள், என்ன எண் என்பது தெரிய வேண்டும், ஏன் என்பது தெரியக்கூடாது. அதுவும் திரையிலேயே தெரிந்தால் எழுத்து இன்னும் மிஞ்சியிருக்கிறது. அடுத்து கண்ணை மூடிக்கொண்டு. காரணங்களின் வரிசை அறுபடாமல் காதில் விழ வேண்டும்.

பிறகு ஸ்கிரிப்டைப் பார்க்காத ஒருவரிடம் வீடியோவைக் காட்டி, மின்னல் ஆய்வில் கேட்டதைப் போன்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நல்ல மழை பெய்தும் உறை கிணறு நிரம்பி வெளியே வழிகிறது, நீர் மண்ணுக்குள் இறங்கவில்லை, என்ன காரணம் இருக்கலாம்? கூழாங்கல்லைக் கழுவாமல் அடிமண் அடைத்திருக்கலாம் என்று அவர் சொன்னால் இரண்டாம் பகுதி வேலை செய்திருக்கிறது. அடியில் களிமண் இருக்குமோ என்று கேட்டால், தியாகராய நகர் போன்ற பழைய ஏரிப் பகுதிகளுக்கு இதே வீடியோவை அனுப்பும் முன் மண்ணைப் பற்றி ஒரு வாக்கியம் குரலில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். பதினாலாயிரம் லிட்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், உறை கிணற்றுக் காட்சியில் அவர் கண் எங்கே இருந்தது என்று கேட்டு, அந்த இடத்து எழுத்தை மறுபடி வெட்டுங்கள்.