முதுகுக்குள் விழுந்த எழுத்து

என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாகி வந்த அன்று, தங்கைதான் அதை முதலில் பிரித்தாள். நடுவில் ஒரு பக்கத்தில் நின்று, "இந்த வரிக்கெல்லாம் முதல் எழுத்து எங்கே அண்ணா?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். வலப் பக்கத்தில் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் புத்தகத்தின் முதுகுப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தால் படிக்கலாம், விட்டால் புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். அச்சகத்தின் மேல் பழிபோட வழியில்லை. பக்கங்களை அமைத்தவன் நான். நான்கு பக்கமும் சமமாக 10 மில்லிமீட்டர் விட்டிருந்தேன். திரையில் அது அழகாகவே இருந்தது.

திரையில் பக்கம் தட்டையாக இருக்கிறது. புத்தகத்தில் அப்படி இல்லை. வீட்டில் இருக்கிற 200 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்து முதலில் 5ஆம் பக்கத்தையும், பிறகு நடுப்பக்கத்தையும் விரித்துப் பாருங்கள். தொடக்கத்தில் தாள் கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளும். நடுவில் இரு பக்கமும் வளைந்து உள்ளே சரியும். பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் இன்னொரு இழப்பும் உண்டு. பசை பிடிப்பதற்காக முதுகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அரைத்துவிடுவார்கள். அந்த அரைப்புக்கு அச்சகம் தனியாக இடம் விட்டிருந்தால் கவலை இல்லை, விடாவிட்டால் அது உங்கள் உள் ஓரத்திலிருந்துதான் போகும். என் 10 மில்லிமீட்டரில் 3 அரைப்பில் போய், மிச்சம் 7 வளைவில் மறைந்தது. முதுகை ஒட்டிய இந்த ஓரத்துக்குத்தான் கட்டர் மார்ஜின் என்று பெயர். புத்தகம் தடிக்கத் தடிக்க அதுவும் அகலமாக வேண்டும்.

இரண்டாம் பதிப்புக்கு எல்லாவற்றையும் மறுபடி அமைத்தேன். இந்த முறை அளவிலிருந்து தொடங்கினேன். தமிழ்நாட்டில் கதை, கட்டுரை நூல்கள் பெரும்பாலும் டெமி சைஸில் வருகின்றன. வெட்டி முடித்தபின் ஏறக்குறைய 140 மில்லிமீட்டர் அகலம், 215 உயரம். இந்த வெட்டிய அளவுதான் ட்ரிம் சைஸ். அச்சகத்துக்கு அச்சகம் ஓரிரு மில்லிமீட்டர் மாறும் என்பதால், கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே வேர்ட் கோப்பைத் தொட வேண்டும். A4 தாளில் பக்கம் பக்கமாக அழகுபடுத்திவிட்டுக் கடைசியில் அளவை மாற்றினால், செய்த வேலை அத்தனையும் கலைந்துபோகும்.

வேர்டில் `Layout` தாவலில் `Margins`, அதில் `Custom Margins` போனால் `Multiple pages` என்ற இடத்தில் `Mirror margins` இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் இடது, வலது என்ற பெயர்கள் போய் `Inside`, `Outside` என்று வரும். ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் விழும், அதற்கு முதுகு இடப்பக்கம். இரட்டைப்படைப் பக்கத்துக்கு நேர்மாறு. உள்ளே 20, வெளியே 15, மேலே 18, கீழே 20 மில்லிமீட்டர் வைத்தேன். எழுத்துக்குக் கிடைத்தது 105 மில்லிமீட்டர் அகலம். எழுத்தளவை 12 புள்ளியிலிருந்து 11 ஆக்க வேண்டியிருந்தது. நம் மொழியில் சொற்கள் நீளம். ஒடுங்கிய பக்கத்தில் இரு ஓரமும் சமமாக இழுத்துவிட்டால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் வரிக்கு ஒரு சொல் கூடுதலாக அடங்கும், ஓட்டையும் குறையும்.

அளவை மாற்றியதும் என் பழைய பாவங்களும் வெளியே வந்தன. அடுத்த கதை புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று என்டரைப் பதினைந்து முறை தட்டி வைத்திருந்தேன், இப்போது தலைப்புகள் நடுப்பக்கத்தில் வந்து நின்றன. `Find and Replace`இல் `^p^p` என்பதைத் தேடி `^p` ஆக மாற்றச் சொல்லி, இனி மாற்ற ஒன்றுமில்லை என்று வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் `Breaks`இலிருந்து `Odd Page` போட்டேன். எல்லாக் கதையும் வலப் பக்கத்தில் தொடங்கின.

இனி ப்ளீட். தொகுப்பில் பக்கம் முழுவதும் கறுப்பாகப் பரவிய ஓவியம் ஒன்று உண்டு. முதல் பதிப்பில் அதன் வெளி ஓரத்தில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. கட்டிங் மெஷின் புத்தகங்களை அடுக்காக வைத்து மூன்று பக்கமும் வெட்டுகிறது. கத்தி இறங்கும்போது அடுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். படம் மிகச் சரியாக வெட்டுக் கோட்டிலேயே முடிந்திருந்தால், அந்த நகர்வில் அச்சில்லாத தாள் எட்டிப் பார்க்கும். அதனால் படத்தை வெட்டுக் கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் வெளியே ஓட விட வேண்டும். வெட்டிப் போடப்போகும் அந்த மிச்சம்தான் ப்ளீட். இதே காரணத்தால் பக்க எண்ணை ஓரத்துக்கு மிக அருகில் வைக்கக் கூடாது, கத்தி உள்பக்கமும் நகரும்.

வேர்டில் ப்ளீட் என்று தனி வசதி கிடையாது. தாளளவையே 146க்கு 221 என்று பெரிதாக்கி, நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டேன். உள் ஓரம் 23, வெளி ஓரம் 18. சில அச்சகங்கள் முதுகுப் பக்கம் ப்ளீட் வேண்டாம் என்பார்கள், இதையும் முன்பே கேட்டுவிட வேண்டும். வெறும் எழுத்து மட்டும் உள்ள நூலுக்கு உள்பக்கங்களில் ப்ளீட்டே தேவையில்லை. அந்த ஒரு ஓவியம் இல்லாவிட்டால் நானும் இதைச் செய்திருக்க மாட்டேன். அட்டைக்கு மட்டும் எப்போதும் வேண்டும். முன் அட்டை 140, பின் அட்டை 140, முதுகு 10, இருபுறமும் ப்ளீட் 6, மொத்தம் 296 மில்லிமீட்டர். முதுகுக் கணக்கு எளிது. 192 பக்கம் என்றால் 96 தாள், ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 9.6. தாளின் தடிமன் மாறினால் முதுகும் மாறும், அதனால் தாளை முடிவு செய்யாமல் அட்டையை முடிக்க முடியாது.

PDF ஆக்கியதும் நான் செய்த ஒரு வேலையை நீங்களும் செய்து பாருங்கள். கோப்பை அக்ரோபாட்டில் திறந்து `Ctrl+D` அழுத்தினால் பக்க அளவு தெரியும். அது A4 என்று காட்டினால் ஏதோ தவறியிருக்கிறது. சரியாக இருந்தால் நடுவிலிருந்து இரண்டு பக்கங்களை `Actual size` கொடுத்து வீட்டு பிரிண்டரில் எடுங்கள். `Fit` கொடுத்தால் அளவு மாறிவிடும், சோதனையே வீண். ப்ளீட்டைக் கத்தரித்துவிட்டு, அதே தடிமன் உள்ள பழைய புத்தகம் ஒன்றின் நடுவில், முதுகு வரை உள்ளே தள்ளிச் செருகுங்கள். ஒரு கையில் பிடித்தபடி எல்லா வரிகளையும் படிக்க முடிகிறதா பாருங்கள். நான் 17 மில்லிமீட்டரில் தொடங்கி, மூன்றாவது தாளில்தான் 20க்கு வந்தேன்.

முதல் பதிப்பு 176 பக்கம். இரண்டாவது 192. பதினாறு பக்கம், அதாவது ஒரு ஃபாரம், கூடுதலாகச் செலவானது.